முதல் வலைப்பூவுக்கு எந்தத் தளம்? முகவரியில் இருந்து தொடங்குவோம்

சில வருடங்களுக்கு முன்னால் நண்பர் ஒருவர் போன் செய்தார். பறவைகளைப் பார்த்துக் குறிப்பெடுப்பது அவருடைய பழக்கம். அதையெல்லாம் வலைப்பூவாக எழுத ஆசை. "வேர்ட்பிரஸில் கணக்கு ஆரம்பிச்சுட்டேன். நீங்க சொன்ன பிளகினைத் தேடினா காசு கட்டச் சொல்லுது. வேர்ட்பிரஸ் இலவசம்னுதானே சொன்னீங்க?" என்று கேட்டார்.

அவர் மேல் தப்பில்லை. வேர்ட்பிரஸ் என்ற பெயரில் இரண்டு வெவ்வேறு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, `wordpress.org` என்ற முகவரியில் கிடைக்கும் மென்பொருள். 2003-இல் வந்தது. யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், மாற்றலாம், காசு கிடையாது. ஆனால் அது வெறும் மென்பொருள்தான். அது ஓடுவதற்கு ஒரு சர்வரை நீங்கள்தான் பிடிக்க வேண்டும். இன்னொன்று `wordpress.com`. அதே மென்பொருளைத் தன்னுடைய சர்வர்களில் ஓட்டி, நமக்குக் கணக்குத் திறந்து கொடுக்கும் சேவை. 2005-இல் ஆட்டோமேட்டிக் என்ற நிறுவனம் தொடங்கியது. இதில் இலவசத் திட்டம் உண்டு. அந்தத் திட்டத்தில் நம் இஷ்டத்துக்குப் பிளகின், அதாவது கூடுதல் வசதி தரும் துணை நிரல், போட முடியாது. நண்பர் போய் நின்றது இந்த இரண்டாவது வாசலில்.

"சொந்த வேர்ட்பிரஸ்" என்று நான் இங்கே சொல்வதெல்லாம் முதல் வகை. `wordpress.com`, கூகுளின் பிளாகர் போன்றவை "சேவைத் தளங்கள்". மீடியம், சப்ஸ்டாக் ஆகியவையும் சேவைத் தளங்கள்தான். ஆனால் மீடியத்தில் எழுதுவது பெரிய பத்திரிகை ஒன்றில் எழுதுவது மாதிரி, சப்ஸ்டாக் மின்னஞ்சல் கடிதத்தை மையமாக வைத்தது. இரண்டையும் இங்கே விட்டுவிடுகிறேன்.

ஒரு வலைப்பூவுக்குள் என்னென்ன இருக்கிறது

எந்த வலைப்பூவைப் பிரித்துப் பார்த்தாலும் நான்கு துண்டுகள் கிடைக்கும். ஒன்று முகவரி, அதாவது டொமைன். அடுத்தது எழுத்தும் படமும். எழுத்து டேட்டாபேஸில் இருக்கும், படங்கள் கோப்புகளாக இருக்கும். மூன்றாவது, அந்த எழுத்தை எடுத்துப் பக்கமாக வடிவமைத்துக் காட்டும் மென்பொருள். கடைசியாக, இதெல்லாம் ஓடுகிற சர்வர்.

சேவைத் தளத்தில் இந்த நான்கும் ஒரே கையில், அதாவது அவர்கள் கையில் இருக்கும். சொந்த வேர்ட்பிரஸில் சர்வர் வாடகைக்கு, மற்ற மூன்றும் உங்கள் பொறுப்பில். செலவு, கட்டுப்பாடு, பராமரிப்பு என்று மூன்று தலைப்பில் இணையம் முழுக்க ஒப்பிடுகிறார்களே, அந்த மூன்றுமே இந்த நான்கு துண்டுகளில் எது யார் கையில் இருக்கிறது என்பதில் இருந்து வருபவைதான்.

கவனிக்க வேண்டியது இன்னொன்று: முதல் துண்டான முகவரியை மற்ற மூன்றில் இருந்து தனியாகப் பிரித்துவிட முடியும். சேவைத் தளத்தில் எழுதிக்கொண்டே முகவரியை மட்டும் சொந்தமாக வைத்துக்கொள்ளலாம். "சேவையா, சொந்தமா" என்று கேட்டு மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் இந்த நடுவழியைப் பார்ப்பதில்லை. நண்பருக்கு நான் சொன்னதும் அதைத்தான். பிளாகரில் எழுதுங்கள், டொமைனை மட்டும் முதல் நாளே தனியாக வாங்கிவிடுங்கள்.

செலவு: முதல் வருடத்தைப் பார்க்காதீர்கள்

பணத்தின் பெயரைச் சொல்லாமல் கணக்குப் போடலாம். ஒரு டொமைனுக்கு ஒரு வருடத்துக்கு ஆகும் தொகையை ஓர் அலகு என்று வைத்துக்கொள்வோம்.

பிளாகரில் சொந்த டொமைனை இணைக்கக் கட்டணம் இல்லை. ஆக, மூன்று வருடத்துக்கு 3 அலகு. அவ்வளவுதான். `wordpress.com` இலவசத் திட்டத்தில் முகவரி அவர்கள் பெயரோடு ஒட்டித்தான் வரும், பக்கங்களில் அவர்களுடைய விளம்பரமும் வரும். சொந்த டொமைன் வேண்டுமானால் கட்டணத் திட்டத்துக்கு மாற வேண்டும்.

சொந்த வேர்ட்பிரஸுக்கு டொமைனோடு ஹோஸ்டிங்கும், அதாவது வாடகைச் சர்வரும், வேண்டும். இங்கேதான் கண்கட்டு வித்தை நடக்கிறது. ஹோஸ்டிங் நிறுவனத்தின் முகப்பில் பெரிய எழுத்தில் தெரியும் விலை, முதல் முறைக்கு மட்டுமானது. அதுவும் பெரும்பாலும் இரண்டு மூன்று வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் கிடைக்கும் மாத விலை. உதாரணத்துக்கு முதல் வருடம் 3 அலகு, புதுப்பிக்கும்போது வருடத்துக்கு 8 அலகு என்று இருந்தால் மூன்று வருடத்தில் ஹோஸ்டிங் 19, டொமைன் 3, மொத்தம் 22 அலகு. முகப்பு விலையை மட்டும் பார்த்தவர் 12 அலகு என்று நினைத்திருப்பார். எனவே வாங்குவதற்கு முன்னால் அந்தப் பக்கத்தில் புதுப்பிப்பு விலை எங்கே எழுதியிருக்கிறது என்று தேடுங்கள். பொடி எழுத்தில், விலைக்குக் கீழே இருக்கும். அந்த எண்ணை மட்டுமே வைத்து நிறுவனங்களை ஒப்பிட்டுப் பாருங்கள்.

பணம் கட்டும் பக்கத்திலும் ஒரு நிமிடம் நிதானிக்க வேண்டும். தினசரி பேக்கப், பாதுகாப்புச் சோதனை, எஸ்எஸ்எல் சான்றிதழ் என்று சில பெட்டிகள் தாமாகவே டிக் ஆகியிருக்கும். எஸ்எஸ்எல் என்பது முகவரிக்கு முன்னால் `https` வரவைக்கும் சான்றிதழ். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு அதை இலவசமாகவே தருகிறது. உருப்படியான ஹோஸ்டிங் எதுவும் அதைத் தானாகவே நிறுவிப் புதுப்பித்துக்கொள்ளும். ஒரு தனிமனித வலைப்பூவுக்கு அதைக் காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை.

'அன்லிமிட்டெட்' என்ற சொல்லையும் அப்படியே நம்ப வேண்டாம். இடம் அளவில்லாதது என்பார்கள். ஆனால் எத்தனை கோப்புகள் வைக்கலாம், பிராசசரை எவ்வளவு பயன்படுத்தலாம் என்பதற்கு நிபந்தனைகளில் வரம்பு இருக்கும். வேர்ட்பிரஸ் நீங்கள் ஏற்றும் ஒவ்வொரு படத்துக்கும் பல அளவுகளில் பிரதி எடுத்து வைக்கும். படம் நிறைய போடுகிறவர் இடத்தின் வரம்பைத் தொடுவதற்கு முன்னால் கோப்பு எண்ணிக்கையின் வரம்பைத் தொட்டுவிடலாம்.

கட்டுப்பாடு என்றால் என்ன

சேவைத் தளத்தில் எழுதினால் "நம்முடையது இல்லை" என்று பயமுறுத்துவார்கள். கொஞ்சம் உண்மை, கொஞ்சம் மிகை. எழுத்தின் உரிமை பொதுவாக உங்களுடையதுதான். போவது வேறு: சேவை மூடப்பட்டாலோ, அவர்கள் விதி மாறினாலோ, உங்கள் கணக்கு முடக்கப்பட்டாலோ பேசுவதற்கு உங்களிடம் ஒன்றும் இருக்காது. இது கற்பனைப் பயம் இல்லை. போஸ்டரஸ் என்ற எளிமையான வலைப்பூத் தளத்தை 2012-இல் ட்விட்டர் வாங்கியது. 2013 ஏப்ரலில் தளம் மூடப்பட்டது. டைப்பேட் பல வருடங்கள் கட்டணம் வாங்கி நடத்தப்பட்ட சேவை. 2025 செப்டம்பரில் அதுவும் மூடப்பட்டது. காசு கொடுத்தால் மூட மாட்டார்கள் என்று நினைப்பவர்களுக்காக இந்த இரண்டாவது உதாரணம்.

மூடும்போது எழுத்தை இறக்கிக்கொள்ள அவகாசம் கொடுப்பார்கள். எழுத்து பிழைத்துவிடும். பிழைக்காதது முகவரி. பிறர் உங்கள் கட்டுரைக்குக் கொடுத்த சுட்டிகள், தேடுபொறியில் சேர்ந்த இடம், வாசகர் குறித்து வைத்த பக்கம், எல்லாமே அவர்கள் டொமைனோடு ஒட்டியவை. சொந்த டொமைன் இருந்தால் சேவை மூடினாலும் அதே முகவரியை வேறு சர்வரின் பக்கம் திருப்பிவிடலாம். ஹோஸ்டிங் நிறுவனமும் உங்கள் கணக்கை முடக்கலாம்தான். ஆனால் அங்கே கையில் பேக்கப்பும் டொமைனும் இருந்தால் இன்னொரு நிறுவனத்துக்கு ஒரு நாளில் மாறிவிடலாம். சொந்த வேர்ட்பிரஸின் உண்மையான சுதந்திரம் இதுதான். தளத்தின் தோற்றத்தை மாற்றும் ஆயிரக்கணக்கான தீம்கள், பிளகின்கள் எல்லாம் அப்புறம்.

பதிவின் முகவரி விஷயத்தில் தமிழில் எழுதுகிறவர்களுக்கு மட்டும் வருகிற தொல்லை ஒன்று உண்டு. பிளாகரில் தலைப்பு தமிழில் இருந்தால் அதில் இருந்து முகவரி உருவாக்க அதற்குத் தெரியாது. எல்லாவற்றையும் கழித்துவிட்டு `blog-post.html` என்று வைக்கும். அதே மாதத்தில் அடுத்தது `blog-post_7.html` மாதிரி ஏதோ ஓர் எண்ணோடு வரும். முகவரியைப் பார்த்தால் எது என்ன கட்டுரை என்றே தெரியாது. வெளியிடுவதற்கு முன்னால் பதிவின் அமைப்புகளில் பெர்மாலிங்க் என்ற இடத்தில் லத்தீன் எழுத்தில் நாமே ஒரு பெயர் கொடுத்தால் தப்பிக்கலாம். வெளியிட்ட பிறகு மாற்ற விடாது. மீண்டும் வரைவாக்கினால்தான் முடியும்.

வேர்ட்பிரஸ் தமிழ்த் தலைப்பை ஏற்றுக்கொள்ளும். ஆனால் உள்ளே அதை விழுக்காட்டுக் குறிகளாக மாற்றித்தான் வைக்கும். ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 9 இடம் பிடிக்கும். புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் "தமிழ்" என்ற மூன்று எழுத்துச் சொல்லில் 5 குறியீடுகள், 45 இடம். மொத்தம் 200 இடம்தான் அனுமதி. மூன்று நான்கு சொல்லுக்கு மேல் போனால் தலைப்பு நடுவிலேயே வெட்டுப்பட்டு நிற்கும். அந்த முகவரியை யாராவது குறுஞ்செய்தியில் ஒட்டினால் அரைப் பக்கத்துக்கு `%E0%AE` என்று ஓடும். ஆக, எந்தத் தளமானாலும் பதிவின் முகவரியை நீங்களே சுருக்கமாக லத்தீன் எழுத்தில் கொடுத்துவிடுவது நல்லது. தமிழ் மேல் எனக்கும் ஆசைதான். முகவரியில் மட்டும் விட்டுக்கொடுத்துவிட்டேன்.

பராமரிப்பு: ஒரு சாதாரண மாதம்

பிளாகரில் பராமரிப்பு என்று ஒன்றும் இல்லை. பாஸ்வேர்டைப் பத்திரமாக வைத்து, அவ்வப்போது அமைப்புகளில் போய்ப் பதிவுகளின் நகலை இறக்கி வைத்தால் போதும். இதை ஒரு வரியில் சொல்லிவிட்டேன். சொந்த வேர்ட்பிரஸுக்குப் பல பத்திகள் ஆகப்போகின்றன. பராமரிப்பில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசமும் ஏறக்குறைய அந்த அளவுதான்.

வேர்ட்பிரஸில் மூன்று அடுக்குகளுக்கு அப்டேட் வரும்: மென்பொருள், தீம், பிளகின்கள். மென்பொருளின் சிறு திருத்தங்கள் 2013-இல் இருந்தே தாமாக நிறுவப்படுகின்றன. பிளகின்களுக்கும் தானியங்கி அப்டேட்டை இயக்கும் வசதி 2020-இல் வந்தது; ஆனால் நாமே போய் ஒவ்வொன்றுக்கும் இயக்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால்தான் ஆபத்து. வேர்ட்பிரஸ் தளங்களுக்குள் புகுபவர்கள் யாரும் உங்கள் பறவைக் குறிப்பைத் தேடி வருவதில்லை. பழைய பதிப்பில் ஓட்டை உள்ள பிளகின் எந்தெந்தத் தளத்தில் இருக்கிறது என்று நிரல்கள் வரிசையாகக் கதவைத் தட்டிக்கொண்டே போகும். ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு மறந்துபோன பிளகின்தான் அவற்றுக்கு வசதி. செயலில் இல்லை என்று நிறுத்தி வைப்பது போதாது. கோப்பு சர்வரில் இருக்கும் வரை ஆபத்தும் இருக்கலாம். வேண்டாததை அழித்துவிட வேண்டும்.

சரி, அப்டேட் செய்தால் பிரச்சினை தீர்ந்ததா? சில நேரம் அப்டேட்டே பிரச்சினையாகும். ஒரு பிளகினின் புதிய பதிப்பு உங்கள் சர்வரில் உள்ள பிஎச்பி என்ற நிரல்மொழியின் பதிப்போடோ இன்னொரு பிளகினோடோ ஒத்துப்போகாமல் தளம் விழும். புதியவர்கள் பதறிப்போகும் இடம் இது. திரையில் வருகிற வாசகத்தைப் படித்தாலே பாதி வழி தெரிந்துவிடும்.

`Briefly unavailable for scheduled maintenance` என்று வந்து, சில நிமிடம் கழித்தும் அப்படியே நின்றால், அப்டேட் நடுவில் அறுந்துவிட்டது என்று பொருள். அப்டேட்டின்போது வேர்ட்பிரஸ் தன் மூலக் கோப்புறையில் `.maintenance` என்று ஒரு கோப்பை வைக்கும், முடிந்ததும் எடுத்துவிடும். எடுக்காமல் செத்துப்போயிருக்கிறது. ஹோஸ்டிங்கின் ஃபைல் மேனேஜரில் போய் அந்தக் கோப்பை நீங்கள் அழித்துவிட்டு, எந்த அப்டேட் பாதியில் நிற்கிறதோ அதை மறுபடி ஓட்டினால் போதும். பெயர் புள்ளியில் தொடங்குவதால், மறைந்த கோப்புகளைக் காட்டும்படி ஃபைல் மேனேஜரில் அமைத்தால்தான் கண்ணில் படும்.

`There has been a critical error on this website` என்று வந்தால் பெரும்பாலும் ஒரு பிளகினோ தீமோ பிழை விட்டிருக்கிறது. நிர்வாகியின் மின்னஞ்சலுக்கு எது பழுது என்ற விவரமும், உள்ளே நுழைய ஒரு தனிச் சுட்டியும் வேர்ட்பிரஸ் அனுப்பும். மலிவான ஹோஸ்டிங்குகளில் அந்த மடல் வந்து சேராமலே போவதும் உண்டு, அல்லது ஸ்பேமில் கிடக்கும். அப்போது ஃபைல் மேனேஜரில் `wp-content/plugins` கோப்புறைக்குள் போய், கடைசியாக அப்டேட் ஆன பிளகினின் கோப்புறைப் பெயரை மாற்றுங்கள். கோப்பு காணோம் என்று வேர்ட்பிரஸ் அதை நிறுத்திவிடும், தளம் எழுந்துவிடும். எது குற்றவாளி என்று தெரியாவிட்டால் `plugins` கோப்புறையின் பெயரையே மாற்றி, நிர்வாகப் பகுதியில் பிளகின் பக்கத்தைத் திறந்து பார்த்து, பெயரைத் திரும்ப வைத்து, ஒவ்வொன்றாக இயக்கிப் பாருங்கள். எதை இயக்கும்போது விழுகிறதோ அதுதான்.

`Error establishing a database connection` வேறு ரகம். அங்கே பிளகினைக் குடைந்து பயனில்லை. டேட்டாபேஸ் சர்வர் நின்றிருக்கும், அல்லது `wp-config.php` கோப்பில் உள்ள பெயரோ கடவுச்சொல்லோ பொருந்தவில்லை. நீங்கள் எதையும் தொடாதபோது இது வந்தால் ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு எழுதுவதுதான் முதல் வேலை.

இந்த மூன்றையும் துணிச்சலோடு கையாள வைப்பது பேக்கப் ஒன்றுதான். வேர்ட்பிரஸ் மென்பொருளை நகலெடுக்கத் தேவையில்லை, எப்போது வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். வேண்டியவை டேட்டாபேஸ், `wp-content` கோப்புறை, `wp-config.php`. அப்டிராஃப்ட்பிளஸ் போன்ற பிளகின் இதை நேரம் வைத்துச் செய்யும். ஆனால் நகல் அதே சர்வரில் சேர்ந்தால் அதற்குப் பேர் பேக்கப் இல்லை. சர்வர் போனால் இரண்டும் சேர்ந்து போகும். வேறு இடத்துக்கு அனுப்பும்படி அமைக்க வேண்டும். அமைத்துவிட்டு, ஒருமுறையாவது ஒரு சோதனைத் தளத்தில் அதை மீட்டுப் பார்க்க வேண்டும். மீட்டுப் பார்க்காத பேக்கப்பில் டேட்டாபேஸ் காலியாக இருப்பதை, தளம் விழுந்த அன்று கண்டுபிடிப்பது நல்ல அனுபவம் இல்லை.

இதற்கெல்லாம் எவ்வளவு நேரம் ஆகும்? அமைதியான மாதத்தில் அரை மணிக்கு மேல் ஆகாது. தளம் விழுந்த மாதத்தில் ஒரு மாலை முழுதும் போகும். அந்த மாலை எந்த மாதம் வரும் என்று தெரியாததுதான் எரிச்சல்.

நண்பர் மாறிய கதை

பறவை நண்பர் பிளாகரில் 14 மாதத்தில் 60 பதிவுகள் எழுதினார். பிறகுதான் உண்மையான தேவை வந்தது. இடம், மாதம், பறவை என்று மூன்று வகையில் வடிகட்டித் தேடும் பட்டியல் வேண்டும் என்றார். பிளாகரில் லேபிள் ஒன்றுதான் உண்டு. அதை வைத்து இதைச் செய்வது சர்க்கஸ். சொந்த வேர்ட்பிரஸுக்கு மாற இது நியாயமான காரணம். "எல்லாரும் சொல்கிறார்கள்" என்பது காரணம் இல்லை.

முதலில் ஹோஸ்டிங் வாங்கி, அவர்கள் கொடுத்த தற்காலிக முகவரியில் வேர்ட்பிரஸை நிறுவினோம். பழைய தளம் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பதிவு முகவரிகள் மாறாமல் இருக்க வேண்டும் என்பதால், பெர்மாலிங்க் அமைப்பில் பிளாகரின் வடிவத்தையே கொடுத்தோம்:

```
/%year%/%monthnum%/%postname%.html
```

பிளாகரில் இருந்து இறக்கிய எக்ஸ்எம்எல் கோப்பை இறக்குமதிக் கருவி வழியாக ஏற்றினோம். பதிவுகளும் கருத்துரைகளும் வந்துவிட்டன. பார்த்தால் எல்லாம் சரி. ஆனால் இரண்டு இடத்தில் சிக்கல் ஒளிந்திருந்தது.

முதலாவது, நான் முன்னால் சொன்ன `blog-post.html`. பிளாகரில் மே மாதத்துக்கு ஒன்று, ஜூன் மாதத்துக்கு ஒன்று என்று அதே பெயர் இருக்கலாம், மாதம் வேறு என்பதால் மோதாது. வேர்ட்பிரஸில் இரண்டு பதிவுகளுக்கு ஒரே பெயர் இருக்கவே முடியாது, மாதம் வேறாக இருந்தாலும். இரண்டாவதற்கு `blog-post-2` என்று வாலை ஒட்டிவிடும். பழைய சுட்டியில் வருகிறவர் சரியான இடத்துக்குப் போக மாட்டார். பெர்மாலிங்க் எழுதப் பழகுவதற்கு முன்னால் அவர் வெளியிட்ட 11 பதிவுகளுக்கு இந்தக் கதி. அவற்றுக்கு நல்ல பெயர் வைத்து, பழைய முகவரியில் வருகிறவரைப் புதியதற்கு அனுப்பும் வரிகளை `.htaccess` கோப்பில் சேர்த்தோம். சர்வரில் ஓடும் மென்பொருள் அப்பாச்சி என்றால் இப்படி:

```
Redirect 301 /2023/06/blog-post.html /2023/06/maramkothi.html
```

கோப்பைத் தொடப் பயமாக இருந்தால் ரீடைரக்ஷன் என்ற பிளகின் இதையே படிவமாகக் கேட்டு வாங்கிக்கொள்ளும்.

இரண்டாவது, படங்கள். எல்லாப் படமும் புதிய தளத்தில் அழகாகத் தெரிந்தது. ஒரு படத்தின் மேல் வலது சொடுக்கி அதன் முகவரியைப் பார்த்தால் `blogger.googleusercontent.com` என்று இருந்தது. எழுத்து மட்டும்தான் வீடு மாறியிருக்கிறது. படங்கள் பழைய வீட்டில் இருந்துகொண்டே எட்டிப் பார்க்கின்றன. பழைய வலைப்பூவை அழித்தால் படங்களும் காணாமல் போகலாம். வெளியில் உள்ள படங்களை இறக்கித் தன் மீடியா நூலகத்தில் சேர்க்கும் பிளகின் ஒன்றை ஓட்டி, பதிவு பதிவாகச் சரிபார்த்தோம். அதற்கே இரண்டு மாலைகள் போயின. பழைய வலைப்பூவை இன்னும் அவர் அழிக்கவில்லை, அழிக்கத் தேவையும் இல்லை.

கடைசியாக முகவரியைத் திருப்புவது. டொமைன் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவில் டிடிஎல் என்று ஒரு மதிப்பு இருக்கும். பழைய விடையை மற்ற கணினிகள் எத்தனை நொடி நினைவில் வைத்திருக்கலாம் என்பது அது. முந்தைய நாளே அதை 3600-இல் இருந்து 300 ஆக்கினோம். மறுநாள் காலை பிளாகரைக் காட்டிக்கொண்டிருந்த பதிவை எடுத்துவிட்டு, புதிய சர்வரின் எண்ணைக் கொடுத்தோம். வேர்ட்பிரஸின் பொது அமைப்புகளில் தற்காலிக முகவரியை நீக்கி உண்மையான டொமைனை வைத்தோம். எஸ்எஸ்எல் சான்றிதழ் டொமைன் வந்து சேர்ந்த பிறகுதான் கிடைக்கும் என்பதால் கொஞ்ச நேரம் உலாவி எச்சரிக்கை காட்டியது. மதியத்துக்குள் எல்லாம் அடங்கியது. முகவரி மாறவே இல்லை என்பதால் வாசகர்கள் பலருக்கு வடிவம் மாறியது மட்டும்தான் தெரிந்தது.

முதல் நாளே டொமைன் வாங்காமல் `blogspot.com` முகவரியில் எழுதியிருந்தால் இந்தக் கதை இப்படி முடிந்திருக்காது. அந்த முகவரியின் சர்வர் நம் கையில் இல்லாததால், பதிவு பதிவாக வேறு டொமைனுக்கு 301 மாதிரி முறையான திருப்புதலை நாமாக அங்கே போட முடியாது.

எல்லாருக்கும் இந்த வழிதானா என்றால், இல்லை. தொடக்கத்திலேயே பொருள் விற்கப் போகிறீர்கள், பல பேர் சேர்ந்து எழுதப் போகிறீர்கள், அல்லது சர்வரைக் குடைவதே உங்களுக்கு விளையாட்டு என்றால் நேராகச் சொந்த வேர்ட்பிரஸுக்குப் போங்கள். மற்றவர்கள் ஒரு 20 பதிவாவது சேவைத் தளத்தில் எழுதிப் பாருங்கள். நான் பார்த்தவரை, நிறைய பேர் தீம் தேர்ந்தெடுத்தே களைத்துப்போய் மூன்றாவது பதிவோடு நிறுத்திவிடுகிறார்கள். ஹோஸ்டிங் மட்டும் மூன்று வருடத்துக்குக் கட்டியாகிவிட்டது.

டொமைன் வாங்கும்போது மட்டும் என் பழைய தப்பைச் செய்யாதீர்கள். நான் டொமைன், ஹோஸ்டிங், மின்னஞ்சல் மூன்றையும் ஒரே நிறுவனத்தில் வாங்கினேன். கணக்குக்கான மின்னஞ்சலாக அந்த டொமைனிலேயே இருந்த முகவரியைக் கொடுத்தேன். பணம் கட்டும் அட்டை காலாவதியாகிப் புதுப்பிப்பு நின்றது. மின்னஞ்சலும் அதோடு நின்றது. இறுதி எச்சரிக்கை மடல்கள் எல்லாம் அந்த நின்றுபோன பெட்டிக்கே போயிருக்கின்றன. தற்செயலாக ஒருவர் "உங்க தளம் திறக்கலையே" என்று கேட்டபோது, டொமைன் மீட்புக் காலத்துக்குள் போயிருந்தது. `.com` போன்றவற்றுக்கு அது 30 நாள். மீட்கத் தனிக் கட்டணம், வழக்கமான புதுப்பிப்பைவிடப் பல மடங்கு. அதைத் தவறவிட்டிருந்தால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்ற நிலைக்குப் போயிருக்கும். இப்போது டொமைன் ஒரு நிறுவனத்தில், ஹோஸ்டிங் வேறு நிறுவனத்தில், கணக்கு மின்னஞ்சல் இரண்டுக்கும் சம்பந்தமில்லாத மூன்றாவது இடத்தில். தானாகப் புதுப்பிக்கும்படி அமைத்திருந்தாலும், காலாவதி தேதிக்கு ஒரு மாதம் முன்னால் போனில் ஓர் அலாரமும் வைத்திருக்கிறேன்.